வீட்டுத் தளமும் மீன்தொட்டியும்: சதுர மீட்டர் கணக்கின் போதாமை

அடுக்குமாடி வீட்டில் பெரிய மீன்தொட்டி வைக்கலாமா என்ற கேள்விக்குப் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான்: தொட்டியின் எடையை அதன் அடிப்பரப்பால் வகுத்து, தளத்துக்கு விதிக்கப்பட்ட சுமையோடு ஒப்பிடுவது. இந்தக் கணக்கு தவறான விடையைத் தருகிறது. அதுவும் இரு திசையிலும் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாதுகாப்பான இடத்தில் வீண் அச்சத்தையும், ஆபத்தான இடத்தில் வீண் துணிச்சலையும் அது ஊட்டுகிறது.

இந்தியாவில் குடியிருப்பு அறைகளின் பயன்பாட்டுச் சுமையை ஐ.எஸ். 875 பகுதி 2 (1987) நிர்ணயிக்கிறது. அது சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. அறை முழுவதும் ஒரே சீராக இச்சுமை பரவியிருப்பதாகக் கொண்டு தளத்தை வடிவமைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். எந்த ஒரு சதுர மீட்டரிலும் 200 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று பொருளல்ல. தளம் உடைவதும் உடையாததும் பெரும்பாலும் அதன் வளைவுத் திருப்புமையைப் பொறுத்தது. அந்தத் திருப்புமையைச் சுமையின் அளவோடு சேர்ந்து சுமை இருக்கும் இடமும் தீர்மானிக்கிறது.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். 55 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் நீர் மட்டும் சுமார் 590 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோ, மணலும் கல்லும் 90 கிலோ, இரும்பு ஸ்டாண்டு 60 கிலோ என்று சேர்த்தால் மொத்தம் 860 கிலோ வரும். அடிப்பரப்பு சுமார் 1.1 சதுர மீட்டர்தான். ஆகவே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ. விதியைப் போல நான்கு மடங்கு. முதற்பார்வையில் தளம் தாங்காது என்றே தோன்றும்.

இனி 3.6 மீட்டர் இடைவெளியுள்ள, 125 மி.மீ. தடிமனான தளத்தை இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டதாக வைத்துக் கணக்கிடுவோம். தளத்தின் சொந்த எடையும் பூச்சும் தரை ஓடும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 440 கிலோ. தொட்டியின் நீளப் பக்கத்தைத் தாங்கு சுவரோரமாக, நடுக்கோடு சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும்படி வைக்கிறோம். அறையின் மீதிப் பகுதியில் விதிப்படியான முழுச் சுமையும் இருப்பதாகக் கொண்டாலும், மொத்தத் திருப்புமை வடிவமைப்பு அளவைவிடச் சுமார் 7 சதவீதமே கூடுகிறது. அதே தொட்டியை அறையின் நடுவில் வைத்தால் 28 சதவீதம் கூடுகிறது. சுமை பக்கவாட்டில் பரவுவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டு எண்களும் குறையும். ஐ.எஸ். 456 சுமைகளை 1.5 ஆல் பெருக்கி வடிவமைக்கச் சொல்கிறது. ஆனால் அந்த இடைவெளி சுமை மதிப்பீட்டில் உள்ள நிச்சயமின்மைக்காக விடப்பட்டது. தொட்டி வாங்கியவர் செலவழிப்பதற்கான சேமிப்பு அல்ல.

சுவரோரம் என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அடியில் பீம் உள்ள சுவர், அல்லது கீழ்த்தளத்திலிருந்து எழும் தாங்கு சுவர் மட்டுமே தளத்துக்குத் தாங்கலாகும். தளத்தின் நடுவில் எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் தானே ஒரு கூடுதல் சுமை. அதனருகே தொட்டியை வைப்பது இரண்டு சுமைகளை ஓரிடத்தில் சேர்ப்பதாகும். தொட்டியைச் சுவருக்குச் செங்குத்தாகத் திருப்பினால், 1.8 மீட்டர் அகலத்தில் உள்ள முதன்மைக் கம்பிகள் பகிர்ந்த சுமையை 60 செ.மீ. அகலத்துக் கம்பிகள் சுமக்க நேரிடும்.

துருத்து பால்கனியில் நிலைமை நேர்மாறு. அங்கே சுமை வெளியோரம் நோக்கிப் போகப்போகத் திருப்புமை வளர்கிறது, 30 செ.மீ. தூரத்திலிருந்து 90 செ.மீ.க்கு நகர்த்தினால் மும்மடங்காகும். அதைத் தாங்கும் மேற்கம்பி, கான்கிரீட் போடும்போது மிதிபட்டுக் கீழிறங்கியிருந்தால் பலம் பெரிதும் குறையும். பால்கனியில் தொட்டி கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சுமை எவ்வளவு காலம் நிற்கிறது என்பதும் முக்கியம். விருந்தினர் கூட்டம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். தொட்டி ஆண்டுக்கணக்கில் நிற்கும். நிலையான சுமையின் கீழ் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்கிறது. இதைக் கண்டறியத் தொட்டியே உதவும். நீர் நிரப்பியதும் முன்பக்க, பின்பக்கக் கண்ணாடிகளில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, மாதாமாதம் ஒப்பிடலாம். இரு பக்க அளவுகளின் வேறுபாடு தொடர்ந்து வளர்ந்தால் ஒன்று தளம் சாய்கிறது, அல்லது ஸ்டாண்டு அமுங்குகிறது. கீழ்வீட்டுக் கூரையில் புதிய விரிசலோ துருக்கறையோ தென்பட்டால் நீரை உடனே வெளியேற்ற வேண்டும்.

ஆக, நல்ல நிலையிலுள்ள தளத்தில், உண்மையான தாங்கலை ஒட்டி, நீளவாக்கில் வைத்த இந்த அளவுத் தொட்டி பெரும்பாலும் பாதுகாப்பானதே. துருப்பிடித்த கம்பி, கூடுதல் தடுப்புச் சுவர், வரைபடம் கிடைக்காத பழைய கட்டடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இம்முடிவு செல்லாது. அங்கே கட்டமைப்புப் பொறியாளர் தளத்தைச் சோதித்த பிறகே நீர் நிரப்ப வேண்டும்.