கூடுதல் வேலை விதி (வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தம்)

வீட்டைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை சேர்ந்தால், அதன் அளவு, விலை, கூடுதல் நாள் ஆகியவற்றை முடிவுசெய்யும் விதி. கொட்டச்சேடு போன்ற மலையூரில் பழைய ஓட்டைப் பிரித்த பிறகே கைமரம் உளுத்திருப்பது தெரியவரும். கைமரத்துக்கு அடிக்கு ரூ.150 என முன்பே எழுதியிருந்தால், 120 அடிக்கு ரூ.18,000, கூடுதலாக நான்கு நாள் என்று ஒரு தாளில் குறித்து, இருவரும் கையெழுத்திட்டபின் வேலை தொடரும். வாய்ச்சொல்லை நம்பினால் சண்டை கடைசி பில்லில்தான் வெடிக்கும்.

எழுத்து இல்லாவிட்டாலும் ஒப்பந்ததாரருக்கு வழி உண்டு. இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை ஏற்று அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. மேற்கு வங்க அரசு - பி.கே. மண்டல் வழக்கில் (1961) முறையான ஒப்பந்தமின்றிக் கட்டிய கட்டடங்களுக்கு உச்ச நீதிமன்றம் இப்பிரிவின்கீழ்தான் பணம் கிடைக்கச் செய்தது. ஒப்பந்தத்திலேயே விலை பேசப்பட்ட வேலைக்கு இப்பிரிவு பொருந்தாது.