14 நாள் கெடு பிறந்த கதை

உடன்குடியிலிருந்து ஒருவரை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாகத் தலைவலி, காய்ச்சல். காலையிலிருந்து வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. எச்ஐவி மாத்திரையை நிறுத்தி வெகுநாளாகிறது. சிடி4 எண்ணிக்கை 40. சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் மூன்று வெள்ளை வளையங்கள். கட்டியின் நடுப்பகுதி செத்துப்போனதால் அங்கே சாயம் ஏறாது. விளிம்பில் ரத்தக்குழாய்கள் கசிவதால் அங்கே மட்டும் தேங்கி மின்னும்.

டாக்டர் மண்டையில் துளை போடுவதில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்று கொண்டு அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடுகிறார். கிருமியைக் கண்ணால் காணாமலே வைத்தியம் செய்யும் இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல.

1908-ல் டூனிஸ் நகரில் நிக்கோலும் மான்சோவும் கண்ட கிருமி இது. பூனை மலம் கலந்த மண், சரியாக வேகாத இறைச்சி வழியே உடம்புக்குள் வந்து, மூளையிலும் தசையிலும் பேசாமல் கிடக்கும். சிடி4 100-க்குக் கீழே இறங்கினால் தலைதூக்கும். எய்ட்ஸ் பரவத் தொடங்கிய 1980-களில், மூளையிலிருந்து சதை எடுத்துப் பார்த்துத்தான் இதை உறுதி செய்தார்கள். ஊசி போகும் வழியில் ரத்தம் கசியும் அபாயம் எப்போதும் உண்டு. மருந்து எடுத்தவர்கள் சீக்கிரம் தேறுவதைக் கண்டதும், முதலில் மருந்து, பலிக்காவிட்டால் ஊசி என்று முறை மாறியது.

எத்தனை நாள் பொறுப்பது? 1993-ல் பெஞ்சமின் லஃப்ட் குழு 49 பேருக்கு பைரிமெத்தமினும் கிளிண்டாமைசினும் கொடுத்துப் பார்த்தது. 35 பேர் தேறினார்கள். அவர்களில் 30 பேருக்கு ஏழாம் நாளிலேயே முன்னேற்றம் தெரிந்தது. 14-ஆம் நாளுக்குள் 32 பேருக்குக் குறைகளில் பாதியாவது சரியாகியிருந்தது. கெடு அப்படித்தான் பிறந்தது. அதற்குள் கையில் பலம் திரும்பாவிட்டாலோ, முன்னதாகவே நிலை மோசமானாலோ, வேறு நோயைத் தேட வேண்டும்.

நம் நாட்டில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு: மூளைக் காசநோயும் இதே வளையங்களைக் காட்டும். அதனால் நெஞ்சுப் படத்தையும் கழுத்துக் கட்டியையும் பார்க்காமல் விடக்கூடாது. வீக்கம் மூளையை நெருக்கினால் தவிர ஸ்டீராய்டும் கொடுக்கக்கூடாது. நிணநீர்ப் புற்றுக்கட்டியும் அதில் சுருங்கிவிடும், கெடுவை நம்ப முடியாமல் போகும்.

மருந்தும் இங்கே எளிதானது. மலிவான கோட்ரைமாக்சசோல் வழக்கமான மருந்துக்குச் சளைத்ததாகத் தெரியவில்லை என்று 77 பேரிடம் நடந்த இத்தாலிய ஆய்வு 1998-ல் காட்டியது. 48 கிலோ எடையுள்ளவருக்கு இரட்டை வீரிய மாத்திரை காலையில் ஒன்றரை, இரவில் ஒன்றரை, குறைந்தது ஆறு வாரம். இரண்டு மூன்று வாரத்துக்குள் எச்ஐவி மாத்திரையையும் தொடங்கிவிடுவார்கள்.

கை விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எச்ஐவி இருப்பதை மறைக்காதீர்கள். சொல்லாவிட்டால் அதைச் சாதாரணப் பக்கவாதம் என்று நினைத்துவிடக்கூடும்.