ஸ்லைடு தொகுப்பில் ரகசியத் தகவல் களைதல்

ஸ்லைடு தொகுப்பில் ரகசியத் தகவல் களைதல் என்பது, அலுவலகத்துக்குள் காட்டிய பவர்பாயிண்ட் கோப்பிலிருந்து வெளியாருக்கான சுருக்கத்தை அனுப்பும் முன் அதிலுள்ள வாடிக்கையாளர் பெயர்கள், தொகைகள், உள்பேச்சுகள் ஆகியவற்றைத் தேடி எடுக்கும் வேலை. திரையில் தெரியும் எழுத்தை அழிப்பது இதில் சின்ன பங்குதான். பெரும்பாலான கசிவு திரைக்குப் பின்னால் இருப்பதிலிருந்தே வருகிறது.

ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் பேசுபவருக்கான குறிப்புப் பகுதி உண்டு. "கேட்டால் 8% வரை இறங்கலாம்" போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். மறைத்துவைத்த ஸ்லைடுகள், கருத்துரைகள், ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே தள்ளிவைத்த பெட்டிகள், வெட்டிய படத்தின் வெட்டப்பட்ட பகுதி ஆகியவையும் கோப்போடு போகக்கூடும். `File > Info > Check for Issues > Inspect Document` இவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

வரைபடம்தான் அதிகம் ஏமாற்றுவது. எக்செலிலிருந்து உட்பொதித்து ஒட்டிய வரைபடத்துடன் முழு எக்செல் கோப்பும் வந்துவிடலாம். மூன்று பட்டைகளைக் காட்டும் படத்துக்குப் பின்னால் மொத்த விலைப்பட்டியலும் இருக்கும். மேற்சொன்ன சோதனை இதை எச்சரிக்குமே தவிர நீக்காது. `.pptx` கோப்பின் நகலுக்கு `.zip` என்று பெயர் மாற்றித் திறந்து, `ppt/embeddings` கோப்புறையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வரைபடத்தைப் படமாக ஒட்டுவதே தீர்வு.

எக்செல் கோப்பில் மறைந்திருக்கும் தாள் என்ன செய்யும் என்பதற்கு வட அயர்லாந்துக் காவல்துறையே சாட்சி. 2023 ஆகஸ்டில் தகவல் உரிமைக் கோரிக்கைக்கு அது அனுப்பிய எக்செல் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாள், சுமார் 9,500 பணியாளர்களின் குடும்பப்பெயரையும் பதவியையும் வெளிப்படுத்தியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அதற்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

கோப்பு சுத்தமான பிறகும் கணக்கு காட்டிக்கொடுக்கலாம். ஒரு கற்பனைத் தொகுப்பில் மூன்று வாடிக்கையாளர்கள். மொத்த விற்பனை 40 கோடி ரூபாய். பெயர்களுக்குப் பதில் அ, ஆ, இ என்று போட்டு, அ-வின் தொகையை மட்டும் அழித்திருக்கிறார்கள். ஆ 30%, இ 25% என்று வேறொரு ஸ்லைடில் நிற்கிறது. மீதி 45%, அதாவது 18 கோடி அ-வுடையது என்பதை யாரும் கழித்துப் பார்க்கலாம். ஆ-வின் அளவையும் அழித்து, அ, ஆ இருவருக்கும் சேர்த்து 30 கோடி என்று எழுதினாலும் தப்பவில்லை. சுருக்கத்தைப் படிப்பவர் ஆ-வாகவே இருந்தால், தன் 12 கோடியைக் கழித்து அ-வின் தொகையை அறிந்துகொள்வார். மொத்தத்தை மட்டும் சொல்லிப் பிரிவை முழுவதும் விடுவதே இங்கே பாதுகாப்பு. பெயரும் அப்படித்தான். "தென் மாவட்டத்தின் ஒரே உருக்காலை" என்றபின் பெயரை மறைத்துப் பயனில்லை.

பழைய கோப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதைவிட, வெற்றுக் கோப்பைத் திறந்து தேவையான வரிகளை எழுத்தாக மட்டும் ஒட்டுவது எளிது. தவறுக்கும் இடம் குறைவு. கறுப்புப் பெட்டியால் மறைத்து பிடிஎஃப் ஆக்குவது போதாது. அடியிலுள்ள எழுத்தைத் தெரிவுசெய்து நகலெடுக்க முடியும். அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் `Ctrl+A`, `Ctrl+C` அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கும் விரைவான வழி.