விலை வந்த வேகமும் மனம் கெட்ட விதமும்

நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த காலத்தில், பங்கு விலைப் பட்டியலை ஒப்புநோக்கும் வேலை எனக்கு அடிக்கடி வந்து சேரும். சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சாகும் அந்தப் பட்டியலை வாசிக்கின்றவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டதில்லை. எனது ஊரான நிந்தவூரில் அதை வாசிக்கும் ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். அவர் ஓர் ஆசிரியர். எனது பாடசாலைத் தோழர். கொழும்பில் அடிக்கப்பட்ட பத்திரிகை கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்து, வாசிகசாலை மேசையில் அவர் கைக்கு எட்டும்போது, அதிலுள்ள விலை ஒரு நாளோ இரண்டு நாளோ பழையதாகியிருக்கும். போர்க்காலத்தில் பாதை தடைப்பட்டால் இன்னும் பழையதாகும். அதனால் அவர் ஒருபோதும் நட்டப்பட்டதாக நான் அறியேன்.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டவே தரகர்கள் அன்று ஒரு சங்கமாகக் கூடினர். இன்றுள்ள கொழும்புப் பங்குச் சந்தை 1985இல் உருவானது. அப்போது தரகர்கள் ஒரு மண்டபத்தில் கூடிக் குரல் கொடுத்து விலை பேசினார்கள். 1997இல் குரல் ஓய்ந்து கணினித் திரை வந்தது. 2020இல் சந்தையின் செயலி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஆனால் கம்பனிகள் தமது கணக்கை நாள்தோறும் வெளியிடுவதில்லை. இன்றும் காலாண்டுக்கு ஒரு தடவைதான். விலை நம்மை வந்தடையும் வேகம் மட்டும் இரண்டு நாளிலிருந்து இரண்டு விநாடிக்கு இறங்கிவிட்டது.

இந்த இடைவெளி மனிதரை என்ன செய்தது என்பதை எனது நண்பர் கதையில் கண்டேன்.

2009 மே மாதம் போர் முடிந்ததும் கொழும்புச் சந்தை பொங்கியது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2008 முடிவில் 1,503 ஆக இருந்தது. 2009 முடிவில் 3,386. 2010 முடிவில் 6,636. ஓய்வுபெற்ற நண்பர் தமது பணிக்கொடையிலிருந்து பத்து இலட்சம் ரூபாயை 2010 இறுதியில் பங்குகளில் இட்டார். 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800ஐத் தொட்டபோது அவர் எனக்குத் தினமும் தொலைபேசி எடுப்பார்.

“மச்சான், இண்டைக்கு மார்க்கட் எப்பிடி?”

நானும் செய்தி அறையில் கேட்டுச் சொல்வேன். அதன் பின் சரிவு தொடங்கியது. 2012 நடுப்பகுதியில் சுட்டெண் ஐயாயிரத்துக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர், 2011 டிசம்பரிலும் 2012 ஆகஸ்டிலும், அடுத்தடுத்துப் பதவி விலகினர். ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்புச் செய்தி. ஒவ்வொரு தலைப்புச் செய்திக்கும் நண்பர் ஒரு பங்கை விற்று வேறொன்றை வாங்கினார். 2012 ஜூனில் எஞ்சியதையும் விற்றுவிட்டு, “போதும் மச்சான்” என்றார்.

இப்போது ஆண்டு முடிவுகளை மட்டும் பாருங்கள். 2010இல் 6,636, 2011இல் 6,074, 2012இல் 5,643. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்த்த ஒருவருக்கு முதலாண்டில் 8 வீதம், அடுத்த ஆண்டில் 7 வீதம் இறக்கம். கவலைதான், ஆனால் தாங்கக்கூடிய கவலை. நாள்தோறும் பார்த்தவரோ 7,800இலிருந்து 4,800 வரை ஒவ்வொரு படியாக விழுந்தார். சந்தை ஒன்றுதான், அவர்கள் அனுபவித்தது இரண்டு வேறு சந்தைகள்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு முதலீடு சராசரியாக ஆண்டுக்கு 12 வீதம் வளர்கிறது, அதன் ஏற்ற இறக்கம் 20 வீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால், நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 73இல் இலாபம் தெரியும். மாதம் ஒருமுறை பார்த்தால் நூறு மாதங்களில் 57இல். நாள்தோறும் பார்த்தால் நூறு நாட்களில் 51 அல்லது 52இல் மட்டுமே. ஆண்டின் 240 வர்த்தக நாட்களில் 124 நாள் மகிழ்ச்சி, 116 நாள் துக்கம். இழப்பின் வலி அதே அளவு இலாபத்தின் இன்பத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியாயின் நாள்தோறும் பார்ப்பவர், பணம் வளரும் ஆண்டிலும் மனக்கணக்கில் நட்டத்திலேயே முடிப்பார். பெனார்ட்சி, தாலர் என்ற இரு பொருளியலறிஞர்கள் 1995இல் இதற்குக் கிட்டப்பார்வை இழப்பச்சம் என்ற பொருளில் ஒரு பெயரே சூட்டினர்.

மனவருத்தத்தோடு நின்றால் பரவாயில்லை. அது கையை அசைக்கிறது. கை அசைந்தால் காசு போகிறது. நண்பரின் கொப்பியைப் பின்னர் வாங்கிப் பார்த்தேன். ஓராண்டில் முழு முதலையும் நான்கு தடவை விற்று வாங்கியிருந்தார். இன்றைய கட்டணப்படி ஒரு கொள்வனவுக்கு 1.12 வீதம், ஒரு விற்பனைக்கு 1.12 வீதம். நான்கு சுற்றுக்கு ஏறத்தாழ 9 வீதம். பத்து இலட்சத்தில் தொண்ணூறாயிரம் ரூபாய், விலை ஏறினாலும் இறங்கினாலும் போய்விடும். அமெரிக்காவில் பார்பர், ஓடியன் இருவரும் 1991 முதல் 1996 வரை 66,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 வீதம் தந்த காலத்தில் மிக அதிகமாக விற்று வாங்கியவர்களுக்கு 11.4 வீதமே மிஞ்சியது.

இங்கே எனது தொழிலின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்பகல் இரண்டரை மணிக்குச் சந்தை மூடியதும் சுட்டெண் எங்கள் மேசைக்கு வரும். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பது வராது. ஆனால் பத்திக்குக் காரணம் வேண்டும். ஒரு தரகரைக் கூப்பிட்டால் அவர் ஒரு காரணம் சொல்வார்; அதை அச்சேற்றுவோம். மறுநாள் சந்தை எதிர்த்திசையில் போனால் வேறொரு காரணம். பல நாட்களில் காரணம் என்று ஒன்றுமே இருந்திருக்காது. அந்தப் பத்தியை நம்பி நிந்தவூரில் ஒருவர் பணிக்கொடையை அசைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகே எனக்கு உறைத்தது.

2021இல் சந்தை மீண்டும் பொங்கியது. நண்பரின் மகன் அவருக்குச் செயலியை இறக்கிக் கொடுத்தார். இம்முறை என்னிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. சந்தை திறந்திருக்கும் ஐந்து மணி நேரத்தில் நாற்பது தடவைக்குமேல் பார்த்ததாக அவரே பின்னர் சொன்னார். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. ஏப்ரல் 18 முதல் 22 வரை ஆணைக்குழு சந்தையை மூடியது. அது நோன்புக் காலம். முதலிரண்டு நாள் அவர் மூடிய சந்தையின் செயலியையே திறந்து திறந்து பார்த்தாராம். மூன்றாம் நாள் ஸஹருக்குப் பின் நிம்மதியாக உறங்கினாராம். 25ஆம் திகதி சந்தை திறந்ததும் கடுமையாக விழுந்து அன்றைய வர்த்தகம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த ஐந்து நாள் உறக்கம் அவருக்கு ஒன்றைக் காட்டியிருந்தது. பார்க்காதிருந்த நாட்களில் அவரது கம்பனிகளுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

அந்த நோன்பின் இறுதியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஓர் ஒழுங்கை எழுதினோம். அதன் மையம் புதிதன்று. எங்கள் ஊரில் ஸகாத் கொடுப்பவர் சந்திர ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறித்த நாளில், தமது செல்வம் முழுவதற்கும் அன்றைய பெறுமதியைப் போடுகிறார். அந்த நாளையே அவரது விலை பார்க்கும் நாளாக்கினோம். பங்குக்கு ஸகாத் கணக்கிடும் முறையில் ஆலிம்களிடையே வேறுபாடு உண்டு. அதை அவர் தமது மௌலவியிடம் கேட்டுக்கொண்டார். நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த நாளை மட்டுமே. அன்று அவரது சேமிப்பில் பங்கின் விகிதம் நூற்றுக்கு நாற்பதா என்று பார்ப்பார். ஐம்பதைத் தாண்டினால் கொஞ்சம் விற்பார். முப்பதுக்குக் குறைந்தால் கொஞ்சம் வாங்குவார். இடையில் இருந்தால் கொப்பியை மூடிவிடுவார்.

இரண்டாவது, கம்பனி பேசும்போது மட்டும் கேட்பது. சந்தை விதிப்படி முதல் மூன்று காலாண்டுக் கணக்குகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள்ளும், நான்காவது இரண்டு மாதங்களுக்குள்ளும் வெளிவர வேண்டும். மார்ச்சில் ஆண்டு முடிக்கும் கம்பனிக்கு அவை ஆகஸ்ட் நடுப்பகுதி, நவம்பர் நடுப்பகுதி, பெப்ரவரி நடுப்பகுதி, மே இறுதி. அதற்கடுத்த சனிக்கிழமை அவர் கணக்கை வாசிப்பார். அன்று சந்தை மூடியிருக்கும். அவசரப்பட்டு விற்க முடியாது. ஒவ்வொரு கம்பனிக்கும் கொப்பியில் இரண்டு வரி உண்டு: ஏன் வாங்கினேன், எது நடந்தால் விற்பேன். விற்பனை குறைந்ததா, கடன் கூடியதா, பங்கிலாபம் நின்றதா என்று அந்த இரண்டாம் வரியோடு மட்டும் ஒப்பிடுவார். விற்கத் தோன்றினால் எழுதி வைத்துப் புதன்கிழமை வரை பொறுப்பார். புதனிலும் அதே காரணம் நின்றால் தரகருக்குச் சொல்வார்.

மூன்றாவது, விதிவிலக்கு. உரிமைப் பங்கு வழங்கல், கம்பனியை வேறொருவர் கையகப்படுத்த முன்வருதல், வர்த்தக இடைநிறுத்தம் ஆகியவற்றுக்குக் காலக்கெடு உண்டு, தவறவிட்டால் நட்டம். இவற்றுக்கு மட்டும் அழைக்கும்படி தரகரிடம் சொல்லி வைத்தார். விலை அறிவித்தல்களை நிறுத்தினார். தமது கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தால் வரும் குறுந்தகவலை மட்டும் நிறுத்தவில்லை. அது செய்தியன்று, காவல்.

இந்த ஒழுங்கு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். கெட்ட பங்கை அது நல்லதாக்காது. 2011 பெப்ரவரி உச்சியில் சுட்டெண்ணை வாங்கியவர் அதே எண்ணை மீண்டும் காண 2021 ஜனவரி வரை காத்திருந்தார். அதற்குள் ரூபாயின் பெறுமதியும் தேய்ந்திருந்தது. கடன் எடுத்துப் பங்கு வாங்கியவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. விலை விழுந்தால் தரகர் விற்றுவிடுவார். பொறுத்திருக்கும் உரிமை அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு மகள் திருமணத்துக்கு வேண்டிய பணத்துக்கும் இது பொருந்தாது.

2022 முடிவில் சுட்டெண் 8,489. 2024 முடிவில் 15,944. இடையில் நண்பர் விலை பார்த்தது இரண்டே தடவை. அவர் பெரிய செல்வந்தராகிவிடவில்லை. 2012இல் இழந்தது இழந்ததுதான். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது பெரும்போகம் விதைத்து முடிந்திருந்தது. வயல் வரம்பில் நின்று நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், பழைய பழக்கத்தில், சந்தை எப்படி என்று நான்தான் கேட்டேன்.

“பெப்ரவரியில கேள் மச்சான்” என்றார்.