60 விநாடி ஒயிட்போர்டு வீடியோ: ஸ்கிரிப்ட் முதல் டெலிவரி வரை... எவ்வளவு வாங்கலாம்? முழு விவரம்

வெள்ளைப் பலகையில் ஒரு கை படம் வரையும், பின்னணியில் ஒரு குரல் பேசும். 2010இல் லண்டனின் ஆர்எஸ்ஏ அமைப்பு வெளியிட்ட வீடியோக்களால் உலகம் முழுக்கப் பிரபலமான பாணி இது. இப்போது சின்னக் கடைக்காரர்களும் இதைக் கேட்கிறார்கள். குமரி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக, மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒரு சிறு நிறுவனம் 60 விநாடி வீடியோ கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு வீடியோ, ஒரு கேள்வி

தேன் எடுக்கும் விதம், தாத்தா காலத்துக் கதை, விலை, ஆன்லைன் டெலிவரி என எல்லாமே வேண்டும் என்பார் உரிமையாளர். 60 விநாடியில் அது நடக்காது. கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி எது என்று அவரிடமே கேளுங்கள். "தேன் உறைஞ்சு போச்சே, சீனி கலந்திருக்கா?" என்பதுதான் பதிலாக வரும். ஸ்கிரிப்ட் அங்கேயே கிடைத்துவிட்டது. தேனிலுள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவதால்தான் அது உறைகிறது, உறைவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது, பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகும். இவ்வளவுதான் வீடியோ.

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 வார்த்தை என்று ஒரு கணக்கு உண்டு. தமிழ் வார்த்தைகள் நீளமானவை, அந்தக் கணக்கை நம்பினால் வீடியோ ஒன்றரை நிமிடத்தைத் தொடும். 90 முதல் 100 வார்த்தைக்குள் எழுதி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

"சுகர் குணமாகும்னு ஒரு வரி போடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம்.

முதலில் குரல், பிறகுதான் படம்

பலர் சறுக்குவது இங்கேதான். படத்தை வரைந்துவிட்டுக் குரலைப் பொருத்தினால் கை ஓரிடத்தில் ஓடும், இன்னோரிடத்தில் சும்மா நிற்கும். குரலைப் பதிவு செய்து, வாடிக்கையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்துப்பூர்வமாக 'ஓகே' வாங்கிய பிறகே வரையத் தொடங்க வேண்டும். ஃபேனை அணைத்து, துணி நிறைந்த அலமாரி பக்கம் உட்கார்ந்து பேசினால் எதிரொலி குறையும். மழை நேரத்தில் தகரக் கூரையின் கீழ் மட்டும் வேண்டாம்!

நாஞ்சில் வழக்கில் பேசலாமா? வாங்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றால் தாராளமாக. சென்னைக்கும் கோவைக்கும் அனுப்பும் கடை என்றால் பொதுவான பேச்சுத் தமிழே நல்லது.

தமிழ் எழுத்து உடைந்தால்?

60 விநாடிக்கு எட்டு முதல் பத்து படங்கள் போதும். வீடியோஸ்கிரைப் போன்ற மென்பொருள்களில் கோடுகளால் ஆன SVG படம் கொடுத்தால்தான் கை உண்மையிலேயே வரைவதுபோல் தெரியும். போட்டோவையோ PNG படத்தையோ போட்டால் கை குறுக்கும் நெடுக்கும் கிறுக்கி, படம் அடியிலிருந்து தெரிய வரும்.

தமிழில் டைப் செய்யும்போது சில மென்பொருள்களில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். இங்க்ஸ்கேப்பில் டைப் செய்து, Path மெனுவில் Object to Path கொடுத்து, SVG ஆகச் சேமித்தால் எழுத்து படமாகிவிடும், உடையாது. ஆனால் அதன்பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை எப்படிப் போடுவது?

நிமிடக் கணக்கில் விலை சொல்லும் முன், மணிக்கணக்கைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் 4 மணி, படங்கள் 8 மணி, எடிட்டிங் 4 மணி, திருத்தம் 2 மணி என்றால் மொத்தம் 18 மணி நேரம். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 250 ரூபாய் வைத்தால் 4,500 ரூபாய். குரல் கொடுப்பவருக்கு 1,000, மென்பொருள் சந்தாவில் ஒரு பங்காக 500 சேர்த்தால் 6,000 ரூபாய். இது உதாரணக் கணக்குதான், உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாறும். "ரெண்டாயிரத்துக்கு முடிச்சுத் தாங்க" என்றால் மணிக்கு 28 ரூபாய்கூட நிற்காது.

லாபத்தைத் தின்பது 'சின்ன கரெக்‌ஷன்'. வரைந்து முடித்தபின் ஒரு வாக்கியம் மாறினால் குரல், நேரம், படம் மூன்றும் மாறும். இரண்டு முறை திருத்தம் இலவசம், 'ஓகே' சொன்ன குரலை மாற்றினால் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பணம் அட்வான்ஸ்.

டெலிவரி

ஒப்புதலுக்கு வாட்டர்மார்க் போட்ட பிரதி, மீதிப் பணம் வந்ததும் சுத்தமான பிரதி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், கோடுகள் மங்கும். டாக்குமென்டாகவோ டிரைவ் லிங்க்காகவோ அனுப்புங்கள். பின்னணியில் சினிமா பாட்டு வேண்டாம், யூடியூபில் காப்புரிமைப் புகார் வரும். யூடியூபுக்கு 1920×1080, ரீல்ஸுக்கு 1080×1920. அகலமான வீடியோவை அப்படியே வெட்டினால் ஓரத்தில் இருக்கும் தேன் பாட்டில் காணாமல் போகும். அதனால் எந்த அளவு வேண்டும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் படங்களை மறுபடி அடுக்க வேண்டியிருக்கும், அதற்கான நேரத்தையும் பில்லில் சேருங்கள்.