என்கொயரியா, இன்கொயரியா? அலுவலகச் சொல் ஒன்றின் வரலாறு

கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் "எனக்கு என்கொயரி போட்டுட்டாங்க" என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அவரே மதுரை ஜங்ஷனில் வண்டி நேரம் கேட்டால், "என்கொயரில கேளுங்க" என்று கவுண்டரைக் கை காட்டுவார்கள். வேலைக்கு உலை வைப்பதும் வண்டி நேரம் சொல்வதும் ஒரே சொல். ஆங்கில இலக்கணக் கையேடுகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: சாதாரணமாகக் கேட்பதற்கு 'ஈ' எழுத்தில் தொடங்கும் என்கொயரி, முறைப்படி ஆராய்வதற்கு 'ஐ' எழுத்தில் தொடங்கும் இன்கொயரி. இந்தப் பிரிவினை நம் அலுவலகங்களில் உண்மையாகவே நிலைத்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பிறப்பில் இவை இரண்டல்ல. லத்தீன் வினை ஒன்று பிரெஞ்சு வழியாக வந்தபோது 'ஈ' ஒட்டிக்கொண்டது. பிறகு லத்தீன் வடிவத்தைப் பார்த்துத் திருத்தியவர்கள் 'ஐ' போட்டார்கள். பொருளில் வேறுபாடு கற்பித்தது பிற்கால பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் 'ஐ' வடிவத்தையே எழுதுகிறார்கள்.

இந்தியாவில் சட்டம் எழுதியவர்கள் 'ஐ' பக்கம் நின்றார்கள். அரசு ஊழியர் மீதான விசாரணை பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்த எழுத்து இருக்கிறது. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்கொயரிக்கு வரையறையே தந்தது: குற்றவியல் நடுவரோ நீதிமன்றமோ நடத்துவது, ஆனால் வழக்கின் இறுதி விசாரணை அல்லாதது. போலீஸ் சாட்சியம் திரட்டுவதற்கு வேறு சொல். 1973 சட்டமும் இதைக் காத்தது. ஊழியரை நீக்கும் முன் விசாரணை வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவும், 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டமும் அதே 'ஐ' வடிவத்தையே ஆண்டன.

ஆலைகளில் கதை வேறு. தொழிலாளி மீது நிர்வாகமே நடத்தும் விசாரணைக்கு 'டொமஸ்டிக் என்கொயரி' என்ற பெயர் 'ஈ' எழுத்தோடு ஊன்றிவிட்டது. அது வண்டி நேரம் கேட்பது போன்றதா? இல்லை. 1963இல் சுர் எனாமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஐந்து நிபந்தனைகள் விதித்தது. குற்றச்சாட்டைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சாட்சிகளைப் பொதுவாகத் தொழிலாளி முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தானும் தன் சாட்சிகளும் பேசவும் அவருக்கு வாய்ப்பு வேண்டும். விசாரணை அதிகாரி காரணத்தோடு முடிவு எழுத வேண்டும். ஆக, கையேடு 'சாதாரணம்' என்று ஒதுக்கிய எழுத்தே, ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் நடைமுறைக்குப் பெயராகியிருக்கிறது.

அண்மைச் சான்று இன்னும் தெளிவானது. 2013இல் லலிதா குமாரி வழக்குத் தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கைக்கு முந்திய பூர்வாங்க விசாரணையை 'ஐ' போட்டு எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173(3)ஆம் பிரிவில் 14 நாளில் முடிக்க வேண்டிய அத்தகைய விசாரணையை 'ஈ' போட்டு எழுதுகிறது. அதே சட்டத்தின் வரையறைப் பிரிவில் 'ஐ' அப்படியே இருக்கிறது. நடுவர் நடத்துவதையும் போலீஸ் நடத்துவதையும் பிரிக்க வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள் என்று வாதிடலாம். எனக்கு அது வலுவாகப் படவில்லை. எழுத்து வேறுபாட்டுக்கு அச்சட்டம் எங்கும் விளக்கம் தரவில்லை.

பிரிவினை உயிரோடிருப்பது ஒரு பக்கத்தில் மட்டும்தான். தகவல் கேட்கும் கவுண்டரில் 'ஐ' எழுதுவது நம் ஊரில் அரிது. ரயில்வே இணையமுகவரியே enquiry.indianrail.gov.in தான். மறுபக்கத்தில் வேலி இல்லை.

தமிழில் வேலி போடவே இடமில்லை. ரயில் நிலையப் பலகையிலும் விசாரணை, ஆணையமும் விசாரணை, தண்டனை பெறாமல் சிறையில் இருப்பவரும் விசாரணைக் கைதி. ஆனால் மதுரைப் பக்கம் பேச்சில் நுட்பம் இருக்கிறது. "வீட்ல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்பதில் அன்பு இருக்கிறது. "விசாரணைக்கு வரச் சொன்னாங்க" என்பதில் அச்சம் இருக்கிறது. வினையாக வந்தால் இளகியும், பெயராக வந்தால் இறுகியும் நிற்கும் சொல் இது.

நடப்பில் இந்தக் குழப்பம் எங்கே கடிக்கும்? ஒரு நூற்பாலையில் நூல் கோன்கள் குறைகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வையாளர் ஷிப்டில் இருந்த நால்வரையும் கூப்பிட்டுக் கேட்டு எழுதி வாங்குகிறார். இது பூர்வாங்க விசாரணை. ஒருவருக்கு மெமோ கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை அதிகாரி உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்பது அடுத்தது. இரண்டையும் நிர்வாகம் என்கொயரி என்றே எழுதும். முதலில் எழுதி வாங்கிய தாளையே வைத்து வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த விசாரணை நிற்பது கடினம். ஏனென்றால் குறுக்கு விசாரணை நடக்கவே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை, அரசு ஊழியர் தொடர்பான சம்பக்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே 1963இல் வலியுறுத்தியது.

ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்தால் அதில் 'ஈ'யா 'ஐ'யா என்று பார்க்க வேண்டாம். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறதா, சாட்சியைக் கேள்வி கேட்க நாள் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.