சாம்பாரில் பருப்பு இருக்கிறதே, புரதம் போதாதா?

சைவ உணவு உண்பவர்களிடம் "புரதத்துக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "தினமும் சாம்பார் வைக்கிறோம், காலையில கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறோம், அது போதாதா?"

பல வீடுகளில் போதவில்லை என்பதே ஊட்டச்சத்து நிபுணராக நான் பார்ப்பது. பருப்பும் சிறுதானியமும் நல்லவைதான். அளவிலும் தேர்விலும்தான் சிக்கல்.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

பொதுவாகப் பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் தேவை. வயது கூடக்கூடத் தசை குறையும் என்பதால் மூத்தோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறதா? மாடிப்படி ஏறத் தொடை வலுவில்லையா? தசை குறைவது முதலில் இப்படித்தான் தெரியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 65 வயதுப் பெண், எடை 55 கிலோ. அவருக்கு நாளுக்குக் குறைந்தது 55 கிராம் புரதம் வேண்டும்.

காலையில் மோர் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி. மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர். மாலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் மூன்று இட்லி, மதியம் மிஞ்சிய சாம்பார். நம் வீடுகளில் வழக்கமான சாப்பாடுதான். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 31 கிராம்தான் வருகிறது.

எங்கே குறைகிறது?

முதலில் சாம்பார். நாலு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு வேகவைத்து, அதையே இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஒரு வேளைக்கு வருவது 12 கிராம் பருப்பு. அதில் புரதம் 3 கிராம்கூட இல்லை. பருப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் புரதம். அதுவும் வேகாத பருப்பின் எடை. வெந்தபிறகு தண்ணீர் ஏறிவிடும், கிண்ணம் நிறைந்து தெரியும், புரதம் கூடாது. அதனால் அளப்பதாக இருந்தால் வேகவைக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

அடுத்தது கேழ்வரகு. சுண்ணாம்புச்சத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் புரதத்தில் அது அரிசியைப் போலத்தான், 100 கிராமில் 7 கிராம் அளவு. தினையிலும் கம்பிலும் 11, 12 கிராம் வரை உண்டு. சிறுதானியம் என்றாலே புரதம் அதிகம் என்று நினைப்பது தவறு.

எதை மாற்றலாம்?

காலையில் கஞ்சிக்குப் பதில் தினைப் பொங்கல் செய்யுங்கள். ஒருவருக்கு 40 கிராம் தினை, 30 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை லேசாக வறுத்து, தினையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். இதிலேயே 12 கிராம் கிடைத்துவிடும்.

இந்தச் சேர்க்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் லைசின் தானியத்தில் குறைவு, பருப்பில் நிறைய. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டுகிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை, அந்த நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

மதியம் சாம்பாரை நீர்க்க வைக்காமல், ஆளுக்கு 40 கிராம் பருப்புப் போட்டுக் கெட்டியாகக் கூட்டு வையுங்கள். பிஸ்கட் இருந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். 30 கிராம் கடலையை இரவே ஊறவைத்தால் ஊறியபின் ஒரு சிறு கிண்ணம் வரும். இரவில் இட்லிக்குப் பதில், கம்பும் இரண்டு மூன்று பருப்புகளும் சேர்த்து அரைத்த அடை. மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும். இப்போது மொத்தம் 54 கிராமுக்கு அருகில் வந்துவிடும். படுக்கும்முன் ஒரு குவளை பால் குடித்தால் 55-ஐத் தாண்டிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட்டில் டோஃபு சேர்த்துக்கொள்ளலாம்.

"வயிறு உப்புதே?"

திடீரென்று பருப்பைக் கூட்டினால் உப்பத்தான் செய்யும். இந்த நான்கு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், வாரத்துக்கு ஒன்றாகச் செய்யுங்கள். கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பாசிப்பருப்பு பலருக்கும் எளிதில் செரிக்கும், அதிலிருந்தே தொடங்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க: தினையிலும் மாவுச்சத்து இருக்கிறது. பருப்பைக் கூட்டும்போது சோற்றின் அளவைக் குறையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புரதத்தைக் கூட்டுவது அவர்களுக்குக் கெடுதலாகலாம் என்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.